புது டாக்டருக்கு ஒரே தாள்

புது டாக்டரிடம் தடித்த ஃபைலோடு ஒரு தாளும் கொடுங்கள்: மேலே இப்போது சாப்பிடும் மருந்துகள், கீழே பழையதிலிருந்து ஆண்டு வரிசையில் நோய்கள். மருந்துகளைப் பழைய சீட்டைப் பார்த்து எழுதாதீர்கள், கையிலுள்ள டப்பாவைப் பார்த்து எழுதுங்கள். அளவு நடுவில் மாறியிருக்கும்.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்கில் அக்கா வீட்டுக்குப் போன அம்மாவுக்கு நான் எழுதியது: ‘லோசார்டான் 50 மி.கி., காலை 1. மெட்ஃபார்மின் 500 மி.கி., காலை 1, இரவு 1.’ அப்புறம் ‘2011 சர்க்கரை. 2016 ரத்த அழுத்தம், எனலாப்ரில். 2017 வறட்டு இருமல், எனலாப்ரிலை நிறுத்தி லோசார்டான்.’

நிறுத்திய மருந்தையும் காரணத்தையும் கட்டாயம் எழுதுங்கள். அந்தக் கடைசி வரி இல்லாவிட்டால், இருமல் தந்த மாத்திரையையே புது டாக்டர் மறுபடி எழுதிவிடலாம்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் தாள் எழுத உட்காராதீர்கள். மருந்துப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.