ரசீதில் பெயர் சரியாகத்தான் இருந்தது, பணம்தான் வேறு ஒருவர் கணக்குக்குப் போய்விட்டது

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு ரசீதை வாங்கியதும் பெரும்பாலானவர்கள் பார்ப்பது இரண்டே இடம்தான். எவ்வளவு ரூபாய், என்ன ரேட். அப்புறம் பெயரைப் பார்ப்பார்கள், மனைவி பெயரோ அம்மா பெயரோ சரியாக இருந்தால் ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இந்தியாவில் உள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பும்போது முதலில் தவிர்க்க வேண்டிய தவறு இதுதான், ஏனென்றால் ரசீதில் அச்சாகியிருக்கும் அந்தப் பெயர் பெரும்பாலும் வங்கி சொன்ன பெயர் அல்ல, நீங்கள் கவுன்ட்டரில் சொன்ன பெயர். உங்கள் பேச்சையே உங்களுக்குத் திருப்பிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

நீங்கள் பணம் கட்டும் நிறுவனம் நேராக உங்கள் மனைவியின் கணக்கில் போடுவதில்லை. இந்தியாவில் அதற்கு ஒரு கூட்டு வங்கி இருக்கும், அந்த வங்கி என்.இ.எஃப்.டி. அல்லது ஐ.எம்.பி.எஸ். வழியாகத் தள்ளிவிடும். பணம் சேரும் வங்கி பெயரைப் பார்க்காமல், கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது, எண்ணைச் சரியாகக் கொடுப்பது அனுப்புபவரின் பொறுப்பு என்றும் அதிலேயே இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல் எண்ணைக் கொடுத்தால் கணக்குதாரர் பெயரைக் காட்டும் வசதி வந்திருக்கிறதே என்று கேட்கலாம். அது இந்தியாவுக்குள் ஆன்லைனிலோ வங்கிக் கிளையிலோ என்.இ.எஃப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். அனுப்புகிறவருக்காக வந்தது. வெளிநாட்டுக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் அதைப் பார்த்துத்தான் தட்டுகிறார் என்று நம்பிவிட வேண்டாம்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. அங்கே உள்ளூர்க் கணக்குக்கு ஐபேன் எண் இருக்கும், அதில் நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து வரும் இரண்டு இலக்கங்கள் சரிபார்ப்புக்காகவே இருப்பவை, ஒரு இலக்கம் மாறினாலும் சிஸ்டம் அங்கேயே நிறுத்திவிடும். இந்தியா ஐபேன் பயன்படுத்துவதில்லை. எல்லா வங்கிகளுக்கும் பொதுவான அப்படி ஒரு காவல் இங்கே இல்லை, தப்பான எண்ணைத் தட்டினாலும் கவுன்ட்டர் கணினி வாயைத் திறக்காமல் ரசீதை அடித்துக் கொடுத்துவிடலாம்.

என் அறையில் இருந்த ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். மனைவி புதுக் கணக்கு தொடங்கியிருந்தார், எண்ணைப் போனில் வாசித்தார், இவர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தார். கணக்கு எண்ணின் கடைசி ஆறு இலக்கம் `004827`. ரசீதில் வந்தது `004287`. எட்டும் இரண்டும் இடம் மாறிவிட்டன. பெயர் `SELVARANI M`, எழுத்துப் பிசகாமல் இருந்தது, அதைப் பார்த்துத்தான் இவர் திருப்திப்பட்டார். ஒரு சைபர் விட்டுப்போயிருந்தால்கூடப் பரவாயில்லை, நீளம் குறைந்த எண் வங்கியில் இல்லாத எண்ணாகிப் பணம் திரும்பியிருக்க வாய்ப்பு அதிகம். இது அதே நீளம், அதே வங்கி, உயிரோடு இருக்கும் யாரோ ஒருவருடைய கணக்கு. மூன்றாம் நாள் வீட்டில் பணம் வரவில்லை என்று சொன்ன பிறகுதான் ரசீதை எடுத்து இலக்கம் இலக்கமாகப் பார்த்தார். வரவு வைத்த பணத்தை அந்தக் கணக்குதாரரின் சம்மதம் இல்லாமல் எடுக்க முடியாது என்று வங்கி சொல்லிவிட்டது. நல்லவேளை, அந்த மனிதர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார், அதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. அவர் மறுத்திருந்தால் போலீஸ், கோர்ட் என்று அலைந்திருக்க வேண்டும்.

அடுத்த தவறு, ரசீதை எதோடு ஒப்பிடுவது என்பதில். இவர் கவுன்ட்டரிலேயே தன் துண்டுச்சீட்டோடு ஒப்பிட்டிருந்தால் இந்தத் தப்பு பிடிபட்டிருக்கும், உண்மைதான். ஆனால் தப்பு சீட்டிலேயே இருந்திருந்தால்? வாட்ஸாப்பில் வந்த எண்ணையும் செயலியில் சேமித்த பெயர்ப் பட்டியலையும் வைத்து ஒப்பிடுவதும் இதே கதைதான், பிழை உள்ளே நுழைந்த இடத்தையே சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதலில் இலக்கங்களை எண்ணுங்கள், பதினொன்று என்றால் இரண்டிலும் பதினொன்று. பிறகு வீட்டில் இருப்பவர் பாஸ்புக்கைப் பார்த்து வாசிக்க வேண்டும், நீங்கள் ரசீதில் பேனாவால் டிக் அடிக்க வேண்டும். நீங்கள் வாசித்தால் அவர்கள் "ஆமா ஆமா" என்று சொல்லிக்கொண்டே போவார்கள், அதுதான் மனித சுபாவம். முடிந்தால் கடைசி இலக்கத்திலிருந்து பின்னோக்கி ஒரு முறை வாசியுங்கள், இடம் மாறிய இலக்கம் அப்போதுதான் உறுத்தும். பாஸ்புக்கிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஸ்டேட் பேங்க் பாஸ்புக்கில் `CIF No.` என்று ஒரு வாடிக்கையாளர் எண்ணும் அச்சிட்டிருக்கும், அதுவும் பதினோரு இலக்கம்தான். அவசரத்தில் அதைப் படித்து அனுப்பியவர்கள் உண்டு. `Account No.` என்று எழுதிய வரியைத்தான் பார்க்க வேண்டும்.

கிளைக் குறியீடு, அதாவது ஐ.எஃப்.எஸ்.சி., பதினொரு எழுத்து. `ABCD0001234` என்று வைத்துக்கொண்டால், முதல் நான்கு வங்கி, ஐந்தாவது எப்போதும் சைபர், மீதி ஆறு கிளை. ஐந்தாவதை `O` என்று தட்டுவது அடிக்கடி நடக்கும், அது பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும் என்பதால் பெரிய ஆபத்து இல்லை. வங்கி இணைப்புக்கு முன்னால் இருந்த பழைய குறியீட்டையே செயலியில் வைத்திருப்பதுதான் தொல்லை. சிண்டிகேட் வங்கி 2020-ல் கனரா வங்கியோடு சேர்ந்தது, `SYNB` என்று தொடங்கிய குறியீடுகள் 2021 ஜூலை முதல் செல்லாமல் போய் `CNRB` ஆகிவிட்டன. பழைய குறியீட்டில் அனுப்பினால் பணம் பொதுவாகத் தொலைந்து போகாது, திரும்பி வரும். ஆனால் நாள் கணக்கில் இழுக்கும், திரும்பி வருகிற அன்றைய ரேட்டில் கையில் குறையவும் செய்யலாம்.

பெயரில் வரும் பொருத்தமின்மையை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். இனிஷியல் முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது, கல்யாணத்துக்குப் பிறகு மாறியது, இதெல்லாம் பணத்தைத் தொலைப்பதைவிட நிறுத்தி வைப்பதுதான் அதிகம். அதற்காக விட்டுவிடவும் கூடாது. பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் அல்லாமல் பாஸ்புக்கில் இருப்பதுபோலவே எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் அம்மா, மனைவி, தம்பி என்று மூன்று பேர் இருந்தால் மனைவி பெயரில் அம்மாவின் எண் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள், செயலியில் பழைய பதிவைத் திருத்தும்போது பெயரை மட்டும் மாற்றிவிட்டு எண்ணை மறந்துவிடுவது சகஜம்.

இதையெல்லாம் கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்பே செய்ய வேண்டும். என்.இ.எஃப்.டி. 2019 டிசம்பர் முதல் இருபத்து நான்கு மணி நேரமும் அரை மணிக்கு ஒரு தொகுதியாக ஓடுகிறது, ஐ.எம்.பி.எஸ். உடனே போய்விடும். பணம் கூட்டு வங்கியைத் தாண்டாத வரைக்கும்தான் ரத்து செய்யவோ திருத்தவோ இடம் உண்டு. தப்பைப் பார்த்தால் "சார், இது ரிலீஸ் ஆயிடுச்சா?" என்று முதலில் அதைக் கேளுங்கள், ஆகவில்லை என்றால் கையோடு நிறுத்தச் சொல்லுங்கள், திருத்திய ரசீதை வாங்குங்கள். அதையும் முதல் இலக்கத்திலிருந்து மறுபடி பாருங்கள், எண்ணைத் திருத்தியவர் கிளைக் குறியீட்டைப் பழையபடியே விட்டிருக்கலாம்.