சோபாவுக்கு மேலே ஒரு குட்டிப் படம்: ஹால் ஏன் ஒட்டாமல் தெரிகிறது

தோழி ஒருத்தி தன் ஹாலை வந்து பார்க்கச் சொன்னாள். "ஒவ்வொண்ணும் பார்த்துப் பார்த்து வாங்கினதுடி, தனித்தனியா பார்த்தா நல்லாத்தான் இருக்கு, மொத்தமா பார்த்தா ஏதோ இடிக்குது" என்றாள். போய்ப் பார்த்தேன், அவள் சொன்னது உண்மைதான். பொருட்களில் குறையே இல்லை, நிறமும் பொருந்தித்தான் இருந்தது. இடித்தது அளவு. அதனால் டேப் எடுத்து அளந்தோம். அந்த ஹாலில் இருந்த தவறுகள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் நடக்கிறவை என்பதால் அதையே வைத்துச் சொல்கிறேன்.

ஹால் 14 அடி நீளம், 11 அடி அகலம். வாசல் ஒரு நீளச் சுவரின் ஓரத்தில், அதே சுவரில் டிவி. எதிர்ச்சுவரில் 84 அங்குல சோபா, அதாவது 7 அடி. சோபாவுக்கு மேலே 16 அங்குல அகலத்தில் ஒரு படம், அதுவும் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். கீழே 5 அடிக்கு 3 அடி கார்பெட், அதன் நடுவில் ஒரு குட்டி டீபாய். குறுக்குச் சுவரில் ஜன்னல், அதற்குப் பளிச்சென்ற பூப்போட்ட திரை.

முதல் தவறு, எதைப் பார்க்க வேண்டும் என்று அந்த அறை சொல்லவே இல்லை. வாசலில் நின்று கண்ணை மூடித் திறந்தால் பார்வை முதலில் எங்கே போய் நிற்கிறதோ அதுதான் ஃபோகல் பாயிண்ட். அவளிடம் செய்து பார்க்கச் சொன்னேன். முதலில் பூத்திரை, அப்புறம் சோபா, அப்புறம் மூலையில் இருந்த செடி என்று கண் அலைந்துகொண்டே இருந்தது. நமக்கே சந்தேகம் என்றால் வாசலில் நின்று மொபைலில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் போதும். எது கனமாகத் தெரிகிறது, எங்கே வெறுமையாகக் கிடக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். நிறத்தில் மயங்கிப்போகிற கண்ணுக்கு இது நல்ல மருந்து.

இந்த ஹாலில் உள்ளே வருகிறவர் நேராகப் பார்ப்பது சோபா சுவரைத்தான், அதனால் அதையே முதன்மையாக வைப்பது என்று முடிவு செய்தோம். ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தகுந்த காட்சி இருந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன், அப்போது திரைக்கம்பியைக் கூரைக்குப் பக்கத்தில் ஏற்றி, இரு பக்கமும் 8 அங்குலமாவது நீட்டி, ஜன்னலைப் பெரிதாகக் காட்டியிருப்போம். இங்கே அது தேவைப்படவில்லை. பூத்திரையைக் கழற்றிவிட்டுச் சுவர் நிறத்தை ஒட்டிய ஒரு திரை போட்டதும் ஜன்னல் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. ஃபோகல் பாயிண்ட் என்பது ஒன்றைச் சேர்ப்பதைவிட மற்றவற்றை அடக்குவதில்தான் அதிகம் இருக்கிறது என்பேன்.

இப்போது அந்தப் படம். 84 அங்குல சோபாவுக்கு மேலே 16 அங்குலப் படம் என்றால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இது அளவுப் பொருத்தம் இல்லாததால் வருவது. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சுவரில் ஒட்டிய தபால்தலை மாதிரிதான் தெரியும். கீழே இருக்கும் பொருளின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு என்பது நம்பி வைத்துக்கொள்ளக்கூடிய கணக்கு. 84-க்கு அது 56 அங்குலம். அவ்வளவு பெரிய படம் கையில் இல்லாவிட்டால் பரவாயில்லை. 16 அங்குலச் சதுர ஃபிரேம் ஆறு எடுத்து, மூன்று மூன்றாக இரண்டு வரிசையில், 2 அங்குல இடைவெளி விட்டு மாட்டினால் மொத்தம் 52 அங்குல அகலம், 34 அங்குல உயரம். கண் அதை ஆறு படமாகப் பார்க்காது, ஒரே படமாகத்தான் பார்க்கும். ஆனால் இடைவெளி 5, 6 அங்குலம் ஆகிவிட்டால் அந்த மாயம் கலைந்துவிடும், மறுபடியும் ஆறு துண்டுகள்தான்.

உயரத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நின்றபடி ஆணி அடிப்பதால் படம் தானாகவே மேலே போய்விடுகிறது. வெறும் சுவர் என்றால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் வர வேண்டும். சோபாவுக்கு மேலே என்றால் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, சோபா முதுகுக்கும் படத்தின் அடிக்கும் உள்ள இடைவெளி. அது 6 முதல் 8 அங்குலத்துக்குள் இருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு பொருளாகத் தெரியும். அவளுடைய சோபா முதுகு 33 அங்குலம். 7 அங்குலம் விட்டு 40-ல் அடி விளிம்பு வைத்தால், 34 அங்குல உயரத் தொகுப்பின் நடு 57-ல் வந்து உட்காருகிறது. இரண்டு கணக்கும் எப்போதும் இப்படி ஒத்துப்போகாது, முட்டிக்கொண்டால் சோபா இடைவெளியை விட்டுக்கொடுக்காதீர்கள். ஆணி அடிக்கும் முன் செய்தித்தாளை ஃபிரேம் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி ஒரு நாள் பாருங்கள். நாங்கள் ஒட்டியபோது அவளுக்கு முதலில் ரொம்பப் பெரிதாகப் பட்டது, சாயங்காலத்துக்குள் அதுதான் சரி என்று ஆகிவிட்டது.

கார்பெட்டிலும் அதே கதைதான், வடிவம் மட்டும் வேறு. சோபாவைத் தொடாமல் நடுவில் கிடக்கும் சின்ன கார்பெட் தரையில் ஒரு தீவு மாதிரி நின்று, சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிடும். சோபாவின் முன்கால்களாவது அதன் மேல் ஏற வேண்டும், அகலத்தில் சோபாவைத் தாண்டி இரு பக்கமும் 6 அங்குலமாவது தெரிய வேண்டும். 7 அடி சோபாவுக்கு 9 அடிக்கு 6 அடி கார்பெட் என்றால் பக்கத்துக்கு ஓர் அடி கிடைக்கிறது. அறை சின்னது, அதனால் கார்பெட்டும் சின்னதாக வாங்கினேன் என்று அவள் சொன்னாள். அங்கேதான் தப்பு. சின்ன அறையில் எல்லாவற்றையும் சின்னதாக வாங்கினால் அறை பெரிதாவதில்லை, துண்டு துண்டாகத்தான் ஆகிறது.

டீபாய் விஷயத்தில் பொருட்களுக்கு இடையே உள்ள விகிதம்தான் கணக்கு. நீளம் சோபாவில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டுக்குள். உயரம் சோபா இருக்கைக்குச் சமம் அல்லது ஓர் அங்குலம் குறைவு. சோபாவுக்கும் டீபாய்க்கும் நடுவில் கால் நீட்ட 16 அங்குலம் போல. அவளுடைய 24 அங்குல டீபாயைத் தூக்கிப் போடவில்லை, சோபா ஓரத்தில் விளக்கு வைக்கப் போய்விட்டது.

டிவி பற்றி ஒன்று. 43 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு, அகலம் சுமார் 37 அங்குலம்தான். அவளிடம் இருந்த ஸ்டாண்டோ 36. மேலே அகலம், கீழே குறுகல் என்பதால் அது விழப்போவதுபோல் தெரிந்தது. ஸ்டாண்டு இரு பக்கமும் குறைந்தது 6 அங்குலம் நீண்டிருக்க வேண்டும் என்பதால், 5 அடியில் தாழ்வாக ஒன்று போடச் சொன்னேன். அதன் மேலே அவள் வரிசையாக அடுக்கி வைத்திருந்த பதினோரு சின்ன ஜாடிகளில் மூன்றை மட்டும், வெவ்வேறு உயரமாகப் பார்த்து ஒரு ஓரத்தில் சேர்த்து வைத்தோம், மற்ற எட்டும் அலமாரிக்குள் போயின.