சாலை வளைவு வகுப்பை ஒரு கணக்குத் தாளாக மாற்றுவது எப்படி?

ஏற்காடு மலைப்பாதையை வைத்து சார் சூப்பர்எலிவேஷன், அதாவது வளைவில் சாலையின் வெளிவிளிம்பை உயர்த்திச் சாய்ப்பது பற்றி நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரப் பேச்சில் கணக்குக்குத் தேவையானது ஐந்தாறு வரிதான், ஆனால் அது அங்கங்கே சிதறிக் கிடக்கும். கொண்டை ஊசி வளைவை விட்டுவிடுங்கள், அதற்கு விதி வேறு. சாதாரண வளைவு ஒன்றை எடுப்போம் (எண்கள் பயிற்சிக்காக நான் வைத்தவை).

முதலில் 'கொடுக்கப்பட்டவை'. வேகம் V = 40 கி.மீ./மணி, ஆரம் R = 45 மீ. இவை போர்டிலேயே இருக்கும். ஆனால் சார் போகிற போக்கில் "இங்கே மலைதான், ஆனா பனி உறையாது" என்று சொல்லியிருப்பாரே, அதுவும் ஒரு தரவுதான். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், அதாவது ஐ.ஆர்.சி., விதிப்படி பனி உறையாத மலைச்சாலைக்கு அந்தச் சாய்வின் அளவான e அதிகபட்சம் 0.10, சமவெளிக்கு 0.07. அந்த வாக்கியத்தைக் கோட்டைவிட்டால் கணக்கே வேறு பக்கம் போய்விடும். பக்கவாட்டு உராய்வு f = 0.15 என்பதும் விதியிலிருந்து வருவது, அதனால் இந்த இரண்டையும் 'விதியிலிருந்து' என்று தனி வரியில் எழுதுங்கள்.

அடுத்து 'கண்டுபிடிக்க வேண்டியவை'. "வளைவை வடிவமைக்க" என்று மொட்டையாக எழுதாதீர்கள். வைக்க வேண்டிய e எவ்வளவு, 40-ல் போகலாமா, முடியாவிட்டால் எந்த வேகம் என்று மூன்று கேள்வியாகப் பிரியுங்கள்.

இனி தீர்வு. மெதுவாகப் போகும் லாரிகளும் இருப்பதால் முதலில் முக்கால் வேகத்துக்குத்தான் e பார்ப்போம், பிறகு முழு வேகத்துக்கு உராய்வு போதுமா என்று பார்ப்போம்:

```
e = V²/225R = 1600/10125 = 0.158 > 0.10
ஆகவே e = 0.10

f = V²/127R − e = 0.28 − 0.10 = 0.18 > 0.15

V = √(127 × R × (e + f)) = √(127 × 45 × (0.10 + 0.15)) = 37.8
```

ஒவ்வொரு '>' குறிக்குப் பக்கத்திலும் அதனால் என்ன முடிவெடுத்தோம் என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள், முதலாவதில் "வரம்பைத் தாண்டுகிறது, 0.10-ஐயே வைக்கிறோம்", இரண்டாவதில் "உராய்வு போதாது, 40 கூடாது". வகுப்பில் சார் வாயால் சொல்லிவிட்டுப் போவது இதைத்தான், போர்டில் இருக்காது. 37.8-ஐ மேலே ஏற்றி 40 ஆக்காதீர்கள், கீழே இறக்கி 35 என்று பலகை வைக்கணும்.

இன்னொன்று: V-ஐ மீட்டர்/வினாடிக்கு மாற்றிவிட்டுப் போடுகிறவர்கள் நிறைய. அந்த மாற்றம் 127-க்குள்ளேயே இருக்கிறது (9.81 × 3.6²). மாற்றிப் போட்டால் முதல் வரியில் e வெறும் 0.012 வரும், இவ்வளவு குறுகிய வளைவுக்குக் கிட்டத்தட்டத் தட்டையான சாலை போதும் என்று விடை சொன்னால் அலகைத்தான் முதலில் சந்தேகப்படணும்.

சரி, தாளில் இடம் மிச்சமிருந்தால் அதையே திருப்பிப் போடுங்கள்: வேகம் 40-ஐக் குறைக்க முடியாது, ஆரம் எவ்வளவு வேண்டும்? R = 1600/(127 × 0.25) = 50.4 மீ. ஐந்தரை மீட்டர்தானே கூடுதல் என்று தோன்றும், ஆனால் மலையில் அதற்குப் பாறையை வெட்டணும்.