வெயிலில் வெளுத்துப்போன கூந்தல்: இழைகளை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடைக்கானலில் வெளிப்புறப் படம் எடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் நன்கு பழக்கமானது. மூடுபனிக்குள் முகம் மங்கலாகத் தெரிவதால் எக்ஸ்போஷரைக் கூட்டி வைத்திருக்கும் வேளையில் பனி சட்டென்று விலகி, முதுகுப்பக்கத்திலிருந்து வெயில் தலையில் நேராக விழுகிறது. முகம் சரியாக வந்துவிடுகிறது; உச்சந்தலையில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்து, அதற்குள் ஒரு முடிகூடத் தெரிவதில்லை. எண்ணெய் தடவிப் பின்னிய கூந்தல் மினுமினுப்பு மிகுந்தது என்பதால், நம் ஊர்ப் படங்களில் இது இன்னும் எளிதாக நேர்கிறது.

இத்தகைய படத்தைத் திறந்தவுடன், கோப்பு ராவா ஜேபெக்கா என்று பாராமலே Highlights அளவை -100 வரை இழுத்துவிடுவதுதான் பலரும் முதலில் செய்யும் தவறு. ரா கோப்பு கையில் இருந்தால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும், ஏனெனில் கேமராவின் திரை வெள்ளை என்று காட்டும் இடத்திலும் ராவில் பெரும்பாலும் கொஞ்சம் விவரம் மிஞ்சியிருக்கும். ஜேபெக் மட்டுமே இருந்து, அந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 255-ஐத் தொட்டிருந்தால், இழுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாக மாறும், அவ்வளவே. தலையில் சாம்பல் பூசியது போன்ற அந்தத் தோற்றம், வெள்ளையாகவே விட்டிருந்தால் வந்திருக்கும் தோற்றத்தைவிட மோசமானது.

எனவே எதையும் தொடுவதற்கு முன் சேனல்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வெயிலின் ஒளி மஞ்சள் சார்ந்திருக்கும்போது சிவப்பு முதலில் நிறைந்துவிடும். நீலம் கடைசியில்தான் நிறையும். ஆகவே போட்டோஷாப்பின் Channels பலகத்தில் Blue சேனலை மட்டும் திறந்தால், வெள்ளை என்று நினைத்த இடத்தில் மெல்லிய இழைகள் தென்படுவதுண்டு. அவை தென்பட்டால் கோப்பை 16 பிட்டுக்கு மாற்றி, அந்தச் சேனலைத் தனி லேயராக ஒட்டி, திட்டு இருக்கும் இடத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, Multiply முறையில் வைக்கலாம். ஆனால் ஜேபெக்கின் நிறத் தகவல் பெரும்பாலும் சுருக்கிச் சேமிக்கப்படுவது. 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது இழைகளுக்குப் பதிலாகச் சதுரக் கட்டங்கள் தெரிந்தால், அந்தச் சேனலைப் பயன்படுத்தக் கூடாது. கட்டங்களின் மேல் எவ்வளவு வேலை செய்தாலும் அவை மறைவதில்லை.

இனி, கையால் வரைய வேண்டிய நிலைக்கு வருவோம். கோக்கர்ஸ் வாக்கில் எடுத்த ஓர் இடுப்பளவுப் படத்தை எடுத்துக்கொள்வோம்: பின்னிய சடை, அதில் மல்லிகைச் சரம், இடது உச்சியில் ஏறத்தாழ 400 பிக்சல் நீளமும் 150 பிக்சல் அகலமும் கொண்ட வெள்ளைத் திட்டு. இங்கே பெரும்பாலோர் மெல்லிய பிரஷை எடுத்து முடிகளை ஒவ்வொன்றாக வரையத் தொடங்குகிறார்கள். இதில் இரண்டு பிழைகள் சேர்ந்திருக்கின்றன.

முதலாவது அளவு பற்றியது. ஒரு முடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் உயரக் காட்சி 6000 பிக்சலில் அடங்கியிருந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு 6 பிக்சல்தான் கிடைக்கிறது; அதாவது ஒற்றை முடி அரைப் பிக்சலுக்கும் குறைவானது. படத்தில் இழையென நமக்குத் தெரிவதெல்லாம் பல முடிகள் ஒட்டிச் சேர்ந்த கற்றைகளே. ஆகவே ஒரு பிக்சல் கோடுகளை நூற்றுக்கணக்கில் அடுக்கினால் அது கூந்தலாகத் தெரியாது, பென்சில் கீறலாகவே தெரியும்.

இரண்டாவது பிழை இன்னும் அடிப்படையானது. வெள்ளைத் திட்டில் இழைகள் தொலைந்துபோகவில்லை. வெளிச்சம் பட்ட இழைகள்தாம் அந்த வெள்ளையே. தொலைந்துபோனவை இழைகளுக்கு இடையிலிருந்த நிழல்கள். ஆகவே வரைய வேண்டியது முடியை அல்ல, முடிக்கற்றைகளுக்கு நடுவிலுள்ள இருட்டை. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டாலே கையின் போக்கு மாறிவிடும். கோடுகளின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு கோடும் அகலத்தில் வேறுபடும்.

நிறத்தைத் திட்டின் விளிம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். வெள்ளை முடிந்து முடி தெரியத் தொடங்கும் இடத்தில் இந்தப் படத்தில் 214, 176, 138 என்ற மதிப்பு இருப்பதாகக் கொள்வோம். முதலில் Multiply லேயரில் 250, 234, 212 போன்ற மிக வெளிறிய நிறத்தைத் திட்டின் மேல் மென்மையாகப் பரப்பி, நடுப்பகுதியை மட்டும் ஏறக்குறைய வெள்ளையாகவே விட வேண்டும். மற்றொரு Multiply லேயரில் விளிம்பு நிறத்தை 20 சதவீத அடர்த்தியில் எடுத்து, 12 முதல் 20 பிக்சல் அகலத்தில் நான்கைந்து பெரிய பிரிவுகளைப் போட்டு, அவற்றுக்குள் 4 முதல் 6 பிக்சல் அகலத்தில் இடைவெளிகளையும், கடைசியாக 2 பிக்சலில் மிகச் சிலவற்றையும் சேர்க்கலாம். கறுப்பை எடுக்கவே கூடாது. கருங்கூந்தல்தானே என்று கறுப்பைத் தொடுபவர்கள், வெயில் பட்ட இடத்தில் அதன் நிழலும் பழுப்பேறியிருப்பதைக் கவனிப்பதில்லை.

கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில்தான் வேலையின் நயம் அடங்கியிருக்கிறது. கூந்தலின் மினுக்கம் இழைகளின் நீளவாக்கில் ஓடுவதில்லை, அவற்றைக் குறுக்கே கடந்து ஒரு பட்டையாக விழுகிறது. ஒவ்வொரு கற்றையும் இருட்டிலிருந்து வந்து, பட்டைக்குள் வெளுத்து, மறுபுறம் மீண்டும் இருட்டுக்குள் போகிறது. ஆகவே நிழல் கோட்டைத் திட்டுக்கு வெளியே, ஏற்கெனவே தெரியும் ஓர் உண்மையான இடைவெளியின் மேல் தொடங்கி, உள்ளே போகப் போக மெலிந்து கரையவிட வேண்டும், எதிர்ப்புறத்திலிருந்தும் அவ்வாறே. ஐந்தில் ஒரு கோடு மட்டும் பட்டையை முழுதாகக் கடந்து மறுகரையைத் தொட்டால் போதும். எல்லாக் கோடுகளும் கடந்தால் மினுக்கம் செத்துவிடும். ஒன்றுமே கடக்காவிட்டால் நடுவில் வெள்ளைத் துண்டு தனியே மிதக்கும்.

குளோன் கருவியால் நிழல்பக்கக் கூந்தலை நகலெடுத்து ஒட்டுவதை நான் முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன். அந்த முடியின் ஒளித்திசையும் வளைவும் வேறு. பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும், ஏதோ ஒட்டுப்போட்டது போல் இருக்கிறது என்று உடனே தோன்றிவிடும்.

மல்லிகைச் சரத்தை மாஸ்க்கில் மறக்காமல் விலக்க வேண்டும். அது இயல்பிலேயே வெள்ளை; பரப்பிய நிறம் அதன் மேல் ஏறினால் பூ வாடிப் பழுத்துத் தெரியும். தலையின் வெளிவிளிம்பில் பறக்கும் முடிகள் பின்னாலுள்ள பனியின் வெள்ளையில் கரைந்திருந்தால் அவற்றைக் கருங்கோடாக மீண்டும் வரையக் கூடாது, ஏனெனில் வெயிலில் அந்த விளிம்பு உண்மையிலேயே ஒளிர்ந்திருக்கும்.

வரைந்த பகுதி சுற்றுப்புறத்தைவிடத் துப்புரவாகவும் கூர்மையாகவும் இருப்பது கடைசியாகக் கவனிக்க வேண்டிய குறை. கோடுகளுக்கு அரைப் பிக்சல் மங்கலும், படத்தின் மற்ற பகுதிக்கு ஒத்த அளவில் ஒற்றை நிற நாய்ஸும் கொடுத்தால் அது அடங்கிவிடும். பிறகு படத்தைத் திரை அளவுக்குச் சுருக்கிப் பார்க்க வேண்டும். கண் முகத்துக்குப் போகாமல் உச்சந்தலைக்கே போனால் கோடுகள் அதிகம் என்று பொருள். லேயரின் அடர்த்தியைப் பாதியாக்குங்கள். திட்டு தலையில் பாதிக்கு மேல் பரவியிருக்கும் படத்தில் இந்த முறை கைகொடுக்காது. தொடக்கமும் முடிவும் தெரியும் உண்மையான இடைவெளிகள் அங்கே போதுமான அளவு இல்லாததால், வரைவதெல்லாம் ஊகமாகிவிடும். அதே வரிசையில் பனி விலகுவதற்கு முன் எடுத்த படத்தைத் தேர்ந்தெடுப்பதே அப்போது சரியானது.