72 சதவீதம் என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள்

தர்மபுரியில் முதுநிலை மாணவர்களின் ஆய்வறிக்கைகளைத் திருத்துவது என் வேலை. ஃபுளோரைடு பற்றிய ஓர் அறிக்கையாவது ஆண்டுதோறும் மேசைக்கு வந்துவிடும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதி இது. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஃபுளோரைடு மிகுந்த நீரைக் குடித்த குழந்தைகளிடம் பல் கறை எத்தனை மடங்கு கூடுதல் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் மெட்டா பகுப்பாய்வுகளில் பெரும்பாலும் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்:

"I² 72 சதவீதம், பன்முகத்தன்மை அதிகம், எனவே சமவாய்ப்பு விளைவு மாதிரி பயன்படுத்தப்பட்டது."

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கோளாறு இதிலேயே தொடங்குகிறது. விளக்குவதற்காக ஐந்து கற்பனை ஆய்வுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் ஆட்ஸ் விகிதங்கள் தோராயமாக 1.11, 1.49, 2.01, 2.72, 3.67. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, மடக்கை அளவில் ஐந்துக்கும் திட்டப்பிழை 0.25 என்றே வைத்திருக்கிறேன். ஆய்வுகள் தொகுப்புச் சராசரியிலிருந்து விலகுவதைக் கூட்டிச் சொல்லும் Q 14.4 வருகிறது, கட்டின்மை எண் 4.

```
I² = (Q - df) / Q = (14.4 - 4) / 14.4 = 72%
```

இந்த 72, ஆய்வுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதன் அளவு அல்ல. முடிவுகளில் தெரியும் மொத்தச் சிதறலில் தற்செயலால் வராத பங்கு அது. இதே ஐந்து விகிதங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆய்விலும் குழந்தைகளை நான்கு மடங்காக்குங்கள். திட்டப்பிழை பாதியாகும், Q 57.6 ஆகும், I² 93 சதவீதத்துக்கு ஏறிவிடும். விகிதங்கள் இம்மியும் நகரவில்லை. தற்செயலின் பங்கு மட்டும் சுருங்கியது. ஆகவே 72ஐ 'அதிகம்', 30ஐ 'குறைவு' என்று முத்திரை குத்திவிட்டு நகர்வது வாசகருக்கு எதையும் சொல்வதில்லை.

சிதறலின் அளவைச் சொல்வது τ². நம் கணக்கில் டெர்சிமோனியன்–லேர்ட் முறையில் அது 0.16. மடக்கை அளவில் இருப்பதால் இதுவும் வாசகருக்கு எளிதில் பிடிபடாது. அதனால்தான் கணிப்பு இடைவெளியைக் கொடுக்கச் சொல்கிறேன். நம் தொகுப்பு விகிதம் 2.01, அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 1.33 முதல் 3.05 வரை. சராசரி விளைவு எங்கே இருக்கக்கூடும் என்பதற்கான பதில் அது. நாளை இதே போன்ற இன்னோர் ஊரில் ஆய்வு செய்தால் விளைவு எங்கே விழலாம் என்பதற்குக் கணிப்பு இடைவெளிதான் பதில்: 0.47 முதல் 8.58 வரை. சராசரியில் இரு மடங்கு என்று உறுதியாகப் பேசிய அறிக்கை, அடுத்த ஊருக்கு வந்ததும் தடுமாறுகிறது. ஐந்தே ஆய்வுகள் என்பதால் இந்த இடைவெளி இவ்வளவு அகலமானது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இனி அந்த "எனவே". I²ஐப் பார்த்துவிட்டு மாதிரியைத் தேர்ந்தெடுப்பது, விடையைப் பார்த்துவிட்டு வினாவை எழுதுவது போன்றது. ஊருக்கு ஊர் நீரின் ஃபுளோரைடு அளவு வேறு, வெயில் வேறு, ஒரு நாளில் குடிக்கும் நீரின் அளவு வேறு. உண்மையான விளைவே ஊருக்கு ஊர் மாறும் என்பது தரவைத் தொடும் முன்பே தெரியும். அதுதான் சமவாய்ப்பு மாதிரிக்கான காரணம். அதை நெறிமுறையிலேயே எழுதிவிட வேண்டும். வேறுபாட்டுக்குக் காரணம் தேடுவதும் அப்படித்தான். பல் எனாமல் உருவாகும் சிறு வயதில் என்ன நீர் குடித்தார்கள் என்பதே கறையைத் தீர்மானிக்கிறது. மூன்று வயதில் ஆழ்துளைக் கிணற்று நீரும் பன்னிரண்டு வயதில் குழாய் நீரும் குடித்த குழந்தையை, இன்றைய நீரை மட்டும் சோதித்துக் 'குறைந்த ஃபுளோரைடு' குழுவில் சேர்த்த ஆய்வில் விளைவு மங்கித்தான் தெரியும். இந்தப் பிரிவை முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால் நல்லது. முடிவைப் பார்த்த பிறகு பிரித்திருந்தால் அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஒவ்வோர் ஆய்வின் விளைவையும் இடைவெளியையும் வரிசையாகக் காட்டும் ஃபாரஸ்ட் பிளாட்டை விவரிக்கும்போது அடிக்கடி வரும் பிழை, சதுரத்தின் அளவை விளைவின் அளவாகப் படிப்பது. சதுரம் காட்டுவது எடை. விளைவைக் காட்டுவது அது நிற்கும் இடம். இன்னொன்று, அடியில் தொகுப்பு விகிதத்தைக் காட்டும் சாய்சதுரம் 1 என்ற கோட்டைத் தொடவில்லை என்பதால் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன என்று எழுதுவது. நம் எடுத்துக்காட்டில் சாய்சதுரம் கோட்டைத் தொடவில்லை. ஆனால் முதல் ஆய்வின் இடைவெளி 1.80இல் முடிய, ஐந்தாவது 2.25இல்தான் தொடங்குகிறது. ஒன்றையொன்று தொடவே இல்லை. படத்தில் கண்ணுக்குத் தெரியும் இந்த விலகல்தான் எழுத்தில் வர வேண்டியது.

அந்த ஒற்றை வாக்கியத்தை நான் இப்படித் திருத்துவேன்:

"ஐந்து ஆய்வுகளும் கறை கூடுதல் என்ற பக்கமே நின்றன; இரண்டின் இடைவெளிகள் 1ஐக் கடந்தன. நெறிமுறையில் குறித்தபடி சமவாய்ப்பு மாதிரியில் தொகுப்பு ஆட்ஸ் விகிதம் 2.01 (95 சதவீத நம்பிக்கை இடைவெளி 1.33–3.05). Q 14.4, கட்டின்மை எண் 4, I² 72 சதவீதம், τ² 0.16. கணிப்பு இடைவெளி 0.47–8.58 என்பதால் புதிய ஊர் ஒன்றில் விளைவின் திசையைக்கூட இந்தத் தரவைக் கொண்டு உறுதியாகச் சொல்ல இயலாது."