இட்லி மாவு ரவையாகவும் சூடாகவும் வருகிறதா? முதலில் குழவியைப் பாருங்கள்

அரிசி கிரைண்டரில் முக்கால் மணி நேரம் ஓடியும் ரவை மாதிரியே இருக்கிறது, தொட்டுப் பார்த்தால் மாவு வெதுவெதுவென்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வந்தால் அரிசியைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம். குழவி அடிக்கல்லில் சரியாக உட்காராமல் இருந்தாலே போதும், இரண்டு தொல்லையும் ஒன்றாக வந்துவிடும்.

குழவி தன் நீளம் முழுவதும் அடிக்கல்லைத் தொட்டபடி உருள வேண்டும். ஒரு முனை தூக்கிக்கொண்டால் அதன் அடியில் அரிசி உடையாமல் நழுவிப் போகும். அழுந்தியிருக்கும் மறுமுனையில் கல்லும் கல்லும் உரசிச் சூடாகும். நைசாகவில்லையே என்று நாம் இன்னும் ஓட்டுவோம், சூடு இன்னும் ஏறும்.

இரண்டு கூம்புக் குழவி உள்ள 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரை வைத்துச் சொல்கிறேன்.

1. மாவு தூவிப் பார்ப்பது

பிளக்கைக் கழற்றிவிடுங்கள். டிரம், குழவி எல்லாம் ஈரமில்லாமல் துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். கறுப்பு அடிக்கல் மேல் பச்சரிசி மாவைச் சல்லடையில் மெல்லிசாகத் தூவுங்கள். குழவிகளை மெதுவாக இறக்கி, லாக்கைப் போட்டு, டிரம்மைக் கையால் கால் சுற்று மட்டும் திருப்புங்கள். அதற்கு மேல் வேண்டாம். இரண்டு குழவியும் ஒரே தடத்தில் ஓடுவதால், முழுச் சுற்று விட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். கால் சுற்றில் இரண்டின் தடமும் தனித்தனியாகத் தெரியும்.

இனி குழவிகளை நேராக மேலே தூக்கிப் பாருங்கள். நடுவிலிருந்து ஓரம் வரை மாவு அழுந்தியிருந்தால் கல் சரியாக இருக்கிறது. ஓரத்தில் மட்டும் அழுந்தி, உள்பக்கம் தூவினது தூவினபடி இருந்தால், அந்தக் குழவி சாய்ந்திருக்கிறது.

2. சாய்வைச் சரிசெய்வது

எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கிரைண்டரில் இதே சோதனையைச் செய்தபோது ஒரு குழவியின் தடம் வெளி ஓரத்தில் மட்டும் பதிந்தது. குழவியைக் கம்பியிலிருந்து உருவிப் பார்த்தால், உள்ளே வாஷருக்குப் பின்னால் பழைய மாவு சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. வெந்நீரில் ஊறவைத்து, பாட்டில் கழுவும் பிரஷ்ஷால் துளையையும் கம்பியையும் தேய்த்த பிறகு தடம் முழுதாக விழுந்தது. மேலே மட்டும் கழுவிக் கவிழ்த்துவைக்கும் பழக்கம் இருந்தால் உங்கள் வீட்டிலும் இதுவாகத்தான் இருக்கும்.

சுத்தம் செய்தும் சாய்வு போகவில்லையா? குழவியைக் கம்பியில் மாட்டி மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். லேசான ஆட்டம் பரவாயில்லை. ‘லொடக் லொடக்’ என்று ஆடினால் உள்ளே இருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அதைக் கிரைண்டர் ரிப்பேர் கடையில் மாற்றித் தருவார்கள். எந்தக் குழவி எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் குறித்துவைத்து, அதே பக்கம் மாட்டுங்கள். ஓடி ஓடி ஒவ்வொன்றும் தன் பக்கத்துக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும்.

3. அழுத்தம்

மேலே திருகு உள்ள மாடலில், முழு அரிசி போடும்போது திருகு கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். அரிசி உடைந்த பிறகு கிரைண்டரை நிறுத்தி, அரைத் திருப்பு இறுக்கி ஓட்டுங்கள். மோட்டார் முனகினால் இறுக்கம் அதிகம், உடனே தளர்த்துங்கள். நைசாக வேண்டும் என்று முதலிலேயே இறுக்கினால் மாவு சூடாவதுதான் மிச்சம். திருகு இல்லாத, வெறும் ஸ்பிரிங் உள்ள மாடலில் இந்த வேலையே இல்லை.

4. அரைக்கும்போது

4 டம்ளர் இட்லி அரிசிக்கு 1 டம்ளர் உளுந்து என்று வைத்துக்கொள்வோம். கல் குளிர்ந்திருக்கும்போதே உளுந்தை முதலில் அரைத்து எடுத்துவிடுங்கள். வெயில் காலத்தில் ஊறவைத்த பாத்திரத்தை அரைப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, தெளிக்கவும் குளிர்ந்த நீரையே எடுங்கள். சூடாக இறங்கிய மாவு அண்டாவில் சீக்கிரமே புளித்துவிடும்.

அரிசியை ஓடும் கல்லில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். தண்ணீரைத் தொடக்கத்திலேயே ஊற்றினால் அரிசி மிதந்து கல்லுக்கு அகப்படாமல் சுற்றும். ரொம்பக் கெட்டியானாலோ மாவு டிரம் ஓரத்தில் அப்பிக்கொள்ளும், குழவிக்கு அடியில் சிக்கிய கொஞ்ச மாவே திரும்பத் திரும்ப அரைபட்டுச் சூடாகும். நடுப்பதம், மாவு தானாகச் சரிந்து குழவியை நோக்கி வருவது. விரல்களுக்கிடையே தேய்த்தால் மெல்லிய ரவை தட்டுப்பட்டவுடன் நிறுத்திவிடுங்கள். இட்லிக்கு அதுதான் பதம். வெண்ணெயாக அரைத்தால் இட்லி பிசுபிசுக்கும்.

தடமெல்லாம் சரியாக இருந்தும் ரவை போகவில்லை என்றால் அரிசி போட்டவுடன் டிரம்மைக் கவனியுங்கள். மோட்டார் சத்தம் அப்படியே இருக்க, டிரம் மட்டும் மெதுவானால் பெல்ட் வழுக்குகிறது. டிரம் வேகம் குறையவில்லை, ஆனால் கல்லைத் தடவினால் கண்ணாடி போல வழவழக்கிறது என்றால் கல்லைக் கொத்திக்கொள்ளக் கொடுக்க வேண்டியதுதான். அதை வீட்டில் உளியும் சுத்தியலுமாக முயல வேண்டாம், டிரம்மில் ஒட்டியிருக்கும் அடிக்கல் விரிசல் விட்டால் அதற்கு மருந்து கிடையாது.