சீ.எஸ்.எஸ். சோதனை: 200 மெதுவானால் கணக்கு ஏன் வேகமாகிறது?

ஹட்டனிலிருந்து வார இறுதியில் கண்டிக்கு இறங்கி வந்து நீந்தும் மாணவி ஒருத்தி, 100 மீற்றருக்கு 1:52 என்று தன் பயிற்சி வேகத்தை எழுதிக்கொண்டு வந்தாள். இடையில் 20 செக்கன் ஓய்வோடு பத்து நூறுகள் கொடுத்தேன். ஐந்தாவதிலேயே 1:57, அடுத்தது 1:59. அழாத குறை. அவளிடம் பிழை இல்லை, சோதனை எடுத்த விதத்தில்தான் பிழை.

சீ.எஸ்.எஸ். என்பது களைத்துவிடாமல் நீண்ட நேரம் பிடிக்கக்கூடிய நீச்சல் வேகம். 400 மீற்றரையும் 200 மீற்றரையும் தனித்தனியே முழு முயற்சியோடு நீந்தி, அந்த நேரங்களிலிருந்து அதைக் கணக்கிடுகிறோம். கணக்கு இதுதான், T400, T200 இரண்டும் அந்த நேரங்கள், செக்கனில்:

```
100 மீ வேகம் = (T400 - T200) / 2
```

அவள் 400ஐ 7:20இல் முடித்திருக்கிறாள். இரண்டு நிமிடம் மட்டும் நின்றுவிட்டு 200 நீந்தியதில் 3:36. அதாவது 440இலிருந்து 216ஐக் கழித்து, பாதியாக்கினால் 112 செக்கன், 1:52.

"கை கனத்துப்போச்சு சேர், ஆனா நேரம் வந்திருச்சேன்னு விட்டுட்டேன்" என்றாள்.

அந்தக் கனத்த கைதான் கணக்கைக் கெடுத்தது. 200 மெதுவாகும்போது கழித்து வரும் எண் சிறுக்கிறது. களைத்து நீந்தியவருக்குத் தாள் அதிக வேகத்தைக் காட்டுகிறது. அடுத்த வாரம், 400க்குப் பிறகு பத்து நிமிடம் மெல்ல நீந்தி, மூச்சு சரியானதும் 200 எடுக்கச் சொன்னேன். 400 அதே 7:20, 200 இப்போது 3:28. விடை 116 செக்கன், 1:56. 25 மீற்றர் தடாகத்தில் ஒரு நீளத்துக்கு 29 செக்கன். முன்பு அவள் துரத்தியது 28.

இதன் மறுபக்கமும் உண்டு. 400இல் முதல் நூறைப் பாய்ந்து போய்க் கடைசியில் தேய்ந்தால் 400 நீளும், வேகம் உண்மையைவிட மெதுவாக வரும், பயிற்சி சப்பென்றாகிவிடும். கரையில் ஒருவர் நூறுக்கு நூறு நேரம் குறித்தால் இது உடனே தெரியும். கடைசி நூறு இரண்டாவதைவிட நன்றாக மெதுவானால் அந்த 400ஐ விட்டுவிட்டு வேறு நாளில் எடுங்கள்.

இரண்டுக்கும் ஒரே தொடக்கம் வேண்டும். 200க்கு மட்டும் மேலிருந்து பாய்ந்தால் அது சில செக்கன் குறையும், கழித்த பின் அதில் பாதி 100 மீற்றர் நேரத்தில் ஏறி, வேகம் உண்மையைவிட மெதுவாக வரும். இரண்டையும் சுவரை உதைத்தே தொடங்குவது நல்லது. 400இன் சராசரியை (அவளுக்கு 1:50) அப்படியே பயிற்சி வேகமாக எடுப்பவர்களும் உண்டு. அது சீ.எஸ்.எஸ். அல்ல, அதைவிட வேகமானது.

மலையகத்துக்கென்று ஒன்று: கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,800க்கு மேல். மேலே ஒட்சிசன் குறைவாகக் கிடைப்பதால் நீண்ட நீச்சல்தான் அதிகம் அடிபடும். கீழே எடுத்த எண்ணை மேலே கொண்டுபோகாதீர்கள். எங்கே பயிற்சியோ அங்கேயே சோதனை.

எண் சரியா என்று பார்க்க அதே பத்து நூறுகள் போதும். 1:56இல் தொடங்கியவள், பத்தாவதையும் 1:56இலேயே தொட்டாள்.